ஷவர்மா கடையில் மயோனைஸும் நறுக்கிய முட்டைக்கோஸும்

கேள்வி: மதுரை பைபாஸ் சாலையை ஒட்டிச் சிறிய உணவகம் நடத்துகிறேன். மதியம் பிரியாணி, மாலையில் பரோட்டா, ஷவர்மா, கிரில் சிக்கன். சமையலறையில் என்னோடு சேர்த்து நான்கு பேர். மயோனைஸை நாங்களே அரைக்கிறோம். எட்டு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு லிட்டர் எண்ணெய், பூண்டு, இரண்டு எலுமிச்சம்பழம். மாலை 4 மணிக்கு அரைத்தால் இரவு 11 வரை ஓடும். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் புதியதோடு கலந்துகொள்வோம். முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரியை மதியமே நறுக்கி வைத்துவிடுவோம். போன மாதம் ஒரு குடும்பம் இரவு 8 மணிக்கு வந்து சாப்பிட்டது. ஷவர்மா சாப்பிட்ட மூன்று பேருக்கும் மறுநாள் பிற்பகல் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். பரோட்டாவும் சால்னாவும் மட்டும் சாப்பிட்ட பாட்டிக்கு ஒன்றும் இல்லை. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை என்கிறார்கள். எங்கள் மாஸ்டரோ, எலுமிச்சைக்குப் பதிலாக வினிகர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் எதுவும் ஆகாது என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அந்தக் குடும்பத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் நேரத்தைக் குறித்து எழுதியிருப்பது பெரிய உதவி. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கியிருந்தால், உணவில் ஏற்கெனவே ஊறிக் கிடந்த நஞ்சைத் தேடச் சொல்லியிருப்பேன். சமைப்பவரின் கையிலுள்ள புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி விடும் நஞ்சு அப்படிப்பட்டது. உங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஏறக்குறைய 18 மணி நேரம் கழித்துக் காய்ச்சலோடு வந்திருக்கிறது. கோழியிலும் முட்டையிலும் வரும் சால்மோனெல்லா என்ற கிருமி பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் வெளிப்படும்; கணக்கு பொருந்துகிறது. மலப் பரிசோதனை இல்லாமல் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதைப் பாட்டியின் தட்டு காட்டுகிறது. பரோட்டா கல்லில் வெந்தது, சால்னா கொதித்தது. மற்ற மூவரும் சாப்பிட்ட ஷவர்மாவில் கோழி, மயோனைஸ், பச்சைக் காய் என மூன்று இருந்தன.

கோழியை முதலில் பார்த்துவிடலாம். கம்பியில் சுழலும் இறைச்சி வெளிப்புறம்தான் வேகிறது. கூட்டம் முண்டும்போது மாஸ்டர் ஆழமாகச் சீவினால் வேகாத அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். சீவிய துண்டுகளைப் பரோட்டாக் கல்லில் போட்டு, நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை புரட்டி எடுத்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. கல் ஏற்கெனவே சூடாகத்தானே இருக்கிறது, நாளைக்கே ஆரம்பித்துவிடலாம்.

மற்ற இரண்டும் அப்படியல்ல. மயோனைஸும் முட்டைக்கோஸும் கோழி வெந்து முடிந்த பிறகு மேலே சேர்ப்பவை. அதன்பின் அந்த ரொட்டியை எந்தச் சூடும் தொடப் போவதில்லை. அவற்றில் எது இருக்கிறதோ அது அப்படியே வாடிக்கையாளரின் வயிற்றுக்குப் போகிறது. சமையலறையில் மற்றவற்றில் சின்னக் கவனக்குறைவு நேர்ந்தாலும் பெரும்பாலும் அடுப்பு காப்பாற்றிவிடும். இந்த இரண்டையும் காப்பாற்ற அமிலம், குளிர்ச்சி, கடிகாரம் என மூன்றுதான் இருக்கின்றன. உங்கள் தற்போதைய முறையில் மூன்றுமே பலவீனமாக இருக்கின்றன.

முட்டையில் கிருமி இரண்டு வழியில் வருகிறது. ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் எச்சத்தின் வழியே வருவது ஒன்று. கோழியின் சினைப்பையிலேயே தொற்று இருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடுவது இன்னொன்று. இரண்டாவது வகையை எந்தக் கழுவலும் தொடாது. முட்டை பளபளப்பாக இருக்கும், உடைத்தால் நாற்றம் இருக்காது, சுவையும் மாறாது. நாமக்கல்லிலிருந்து அட்டை அட்டையாக வரும் முட்டையில் எது அப்படிப்பட்டது என்று கண்ணால் பிரிக்க வழியே இல்லை. அப்படிப்பட்டவை மிகக் குறைவுதான். ஆனால் எட்டு முட்டையை ஒரே ஜாரில் கலக்கும்போது ஒன்றில் இருப்பது எட்டுக்கும் போகிறது. அது நாற்பது ஷவர்மாவுக்கும் போகிறது. ஹாஃப் பாயிலில் ஒரு முட்டை கெட்டால் ஒருவருக்குத்தான் கேடு. மயோனைஸ் ஆபத்தானதாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

வெள்ளைக்கருவை மட்டும் எடுப்பதால் பாதுகாப்பு என்று பல கடைகளில் நம்புகிறார்கள். மஞ்சள்கருவில்தான் கிருமி என்ற எண்ணம்! உடைத்த ஓட்டின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே மஞ்சள்கருவை மாற்றி மாற்றி ஊற்றிப் பிரிக்கும்போது, வெள்ளைக்கரு ஓட்டின் வெளிப்புறத்தையும் உரசிக்கொண்டு வழிகிறது. உள்ளே இருக்கும் கிருமியும் வெள்ளைக்கருவில் இருக்கக் கூடியதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளைக்கரு காரத்தன்மை உடையது. பி.எச். என்பது அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடும். இட்டு சில நாள் ஆன முட்டையின் வெள்ளைக்கருவில் அந்த அளவு 9-ஐத் தாண்டிவிடும். நீங்கள் ஊற்றும் எலுமிச்சைச் சாற்றில் ஒரு பங்கு அந்தக் காரத்தை அடக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

இங்கே மாஸ்டரின் யோசனைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. தொழிற்சாலை மயோனைஸ் அறை வெப்பத்தில் கடை அலமாரியில் கெடாமல் நிற்பதற்கு அமிலம் முக்கியக் காரணம். அதன் பி.எச். பெரும்பாலும் 4 அல்லது அதற்கும் கீழே இருக்கும். அதில் சேர்க்கும் முட்டையும் ஏற்கெனவே வெப்பமூட்டிக் கிருமி நீக்கியது. வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம் கிருமியின் உடலுக்குள் புகுந்து தாக்கும், ஒரே பி.எச். அளவில் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தைவிட அது வலியது. ஆகவே எலுமிச்சையை விட வினிகர் மேல் என்பது சரி.

எவ்வளவு வினிகர் என்பதில்தான் கணக்கு தவறுகிறது. ஒரு லிட்டர் எண்ணெயைப் பார்த்து மலைக்க வேண்டாம். கிருமி எண்ணெயில் வாழாது. எண்ணெய்த் துளிகளுக்கு இடையே இருக்கும் நீர்ப்பகுதியில்தான் வாழும். உங்கள் கலவையில் நீர்ப்பகுதி என்பது எட்டு வெள்ளைக்கரு, ஏறக்குறைய கால் லிட்டர். அதில் இரண்டு எலுமிச்சையின் சாறு, தாராளமாக வைத்தாலும் 40 மில்லி. காரமான கால் லிட்டரை இந்த 40 மில்லி பி.எச். 4-க்குக் கீழே இழுத்து நிறுத்தும் என்று நான் நம்ப மாட்டேன். கடையில் கிடைக்கும் வினிகரில் அமிலம் 4 சதவீத அளவில்தான் இருக்கிறது. தேவையான அளவுக்கு ஊற்றினால் ஊறுகாய்ப் புளிப்பு வந்து, வாடிக்கையாளர் முகத்தைச் சுளிப்பார். சுவைக்காகக் குறைத்தால் பாதுகாப்பு போய்விடும்.

சரி, புளிப்பையும் பொறுத்துக்கொண்டு போதுமான வினிகர் ஊற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார் மாஸ்டர். நம் அனுபவ அறிவுக்கு நேர்மாறான ஒன்று இங்கே நடக்கிறது. அமிலம் கிருமியைக் கொல்வதற்கு நேரம் வேண்டும். அந்த வேலை வெதுவெதுப்பில் வேகமாகவும் குளிரில் மந்தமாகவும் நடக்கும். அமிலமான மயோனைஸை அரைத்தவுடன் குளிரில் வைத்தால் கிருமி பெருகாது; ஆனால் சாகவும் செய்யாது, நாள்கணக்கில் அப்படியே உயிரோடு இருக்கும். அமிலத்தை நம்பி வெளியே வைக்கலாம் என்றால், அமிலம் குறைவாக இருக்கும்பட்சத்தில் அது பெருக்கத்துக்கே வழி. சரியான பி.எச். அளவை ஒவ்வொரு முறையும் அளந்து, அந்த வெப்பத்தில் பல மணி நேரம் காத்திருந்து, பிறகு குளிர்விப்பது தொழிற்சாலைக்காரர் செய்யக்கூடிய வேலை. 4 மணிக்கு அரைத்து 5 மணிக்குப் பரிமாறும் கடையால் முடியாது.

எனவே அந்த யோசனையைக் கைவிடுங்கள். சட்டமும் அதையே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் கொண்டுசெல்லவும் விற்கவும் தடை விதிக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி வந்த ஆணை அது. அந்தப் பிரிவின்படி ஒரு தடையாணை ஓராண்டுக்கு மேல் போக முடியாது. அதனால்தான் இந்தத் தடைகளுக்குத் தேதி இருக்கும். கேரளம் 2023-லும் தெலங்கானா 2024-லும் இதே பொருளைத் தடை செய்தன. இப்போது எந்த ஆணை நடப்பில் இருக்கிறது என்பதை மதுரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆணை முடியும் தேதியை எண்ணிக் காத்திருக்கும் கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தேதி மாறினால் முட்டை மாறிவிடாது.

மாற்று வழிகள் இரண்டு சொல்கிறேன். இரண்டும் உங்கள் மிக்ஸியிலேயே முடியும்.

முதலாவது, பால் மயோனைஸ். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு எண்ணெய் என்பது அளவு. 200 மில்லி பாலை நன்றாகக் காய்ச்சி, ஆடை நீக்கி, ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று ஆக்குங்கள். பாக்கெட் பால்தானே என்று காய்ச்சாமல் விடாதீர்கள். பாக்கெட்டை உடைத்த பிறகு கடையில் எத்தனை கை படுகிறது என்பது உங்களுக்கே தெரியும். மிக்ஸி ஜாரையும் குளிரவையுங்கள். பால், பூண்டு, உப்பு, ஒரு தேக்கரண்டி கடுகுத்தூள் சேர்த்து ஓட்டிக்கொண்டே 400 மில்லி வாசனையில்லாத எண்ணெயை நூல்போல ஊற்றுங்கள். கெட்டியாகத் தொடங்கியதும் கடைசியாக இரண்டு மேசைக்கரண்டி வினிகர். வினிகரை முதலிலேயே ஊற்றினால் பால் திரிந்துவிடும். சித்திரை வெயிலில் மிக்ஸி சூடேறி, எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் பிரிந்துவிட்டால், அரை டம்ளர் சில்லென்ற பாலைப் புதிய ஜாரில் எடுத்து, பிரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டு ஓட்டினால் சேர்ந்துகொள்ளும். நிறமும் பதமும் வெள்ளைக்கரு மயோனைஸுக்கு மிக அருகில் இருக்கும். ஷவர்மாவுக்குள் வைத்துக் கொடுத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பவர்கள் குறைவு.

இரண்டாவது, அவித்த முட்டை மயோனைஸ். முட்டைச் சுவை வேண்டும் என்பவர்களுக்கு இது. கொதிக்கும் நீரில் 12 நிமிடம் போட்டு மஞ்சள்கரு முழுக்க இறுகும்வரை அவித்து, குடிநீரில் ஆறவைத்து, ஓடு உரித்து, ஆறு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி வினிகர், பூண்டு, உப்பு சேர்த்து மைய அரைத்து, கால் லிட்டர் எண்ணெயை மெல்ல ஊற்ற வேண்டும். மஞ்சள்கருவில் எண்ணெயையும் நீரையும் பிணைக்கும் பொருள் வெந்த பிறகும் வேலை செய்கிறது. சற்றுப் பொறுமணலாக இருக்கும். இரண்டு மேசைக்கரண்டி காய்ச்சி ஆறிய பால் விட்டால் இளகும். ஒரு எச்சரிக்கை: உரிப்பவர் கையில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருந்தால் அவர் இந்த வேலையைத் தொடக்கூடாது. அவித்த முட்டை கிருமிக்கு அருமையான தீனி. ஸ்டஃபிலோகாக்கஸ் உருவாக்கும் நஞ்சு பின்னால் கொதிக்கவைத்தாலும் போகாது.

பாக்கெட் மயோனைஸ் வாங்கிக்கொள்வதும் நல்ல வழிதான். உரிம எண்ணும் காலாவதித் தேதியும் பார்த்து வாங்குங்கள். ஆனால் செலவைக் குறைக்க ஒரு கிலோ பாக்கெட்டில் தண்ணீரோ பாலோ அரை லிட்டர் கலந்து நீட்டுவது பல கடைகளில் வழக்கம். நீட்டியதும் அமிலம் நீர்த்துவிடுகிறது. அந்த மயோனைஸ் கெடாமல் நின்றது எதனாலோ அதை நீங்களே கழுவி விட்டீர்கள். பூண்டு கலந்தால்கூட அன்றைக்குத் தேவையானதில் மட்டும் கலந்து, அதை வீட்டு மயோனைஸாகவே நடத்துங்கள்.

எந்த மயோனைஸ் என்றாலும், அதைவிடப் பெரிய தவறு உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோகிறது: மீதியைப் புதியதோடு கலப்பது. திங்கள்கிழமை மீதியில் கொஞ்சம் செவ்வாய்க்குப் போகிறது, செவ்வாய் மீதியில் கொஞ்சம் புதனுக்கு. உறை மோர் ஊற்றித் தயிர் தோய்ப்பதும் இப்படித்தான். நாம் விரும்பாத ஒன்றுக்கு நாமே தினமும் உறை ஊற்றுகிறோம். பாட்டிலும் அப்படியே. பிழியும் பாட்டில் பாதி காலியானதும் மேலே நிரப்பிக்கொண்டே போனால், அடியிலும் மூக்கிலும் இருப்பது எப்போது அரைத்தது என்று யாருக்கும் தெரியாது.

கோடையில் உங்கள் கடைக் கவுண்டரின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். ஷவர்மா அடுப்புக்குப் பக்கத்தில் இன்னும் கூடும். அந்தச் சூட்டில், தீனியும் ஈரமும் கிடைத்தால், சால்மோனெல்லா 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அரை மணி என்றே வைத்தாலும் ஐந்து மணி நேரத்தில் ஒன்று ஆயிரமாகிறது. அமிலம் இருந்தால் வேகம் குறையும், உண்மைதான். எவ்வளவு குறையும் என்பதை நம்பி மாலை 4 மணியிலிருந்து இரவு 11 வரை வெளியே வைக்க முடியாது.

ஆகவே ஒரு மாலையை இப்படி மாற்றிப் பாருங்கள். கால் லிட்டர் பிடிக்கும் பாட்டில்கள் ஆறு வாங்குங்கள். 4 மணிக்கு அரைத்ததும் ஆறிலும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் நேரம் எழுதி, ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம்; திறக்கும்போதெல்லாம் சூடேறுவது அதுதான். ஒரு நேரத்தில் ஒரே பாட்டில்தான் வெளியே வர வேண்டும். வெளியே வந்த நேரத்தையும் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்தில் அது தீர்ந்திருக்க வேண்டும், தீராவிட்டால் கொட்ட வேண்டும். ஃபிரிட்ஜுக்குத் திரும்பிப் போகக்கூடாது. கால் லிட்டர் என்பதால் கொட்டினாலும் கைக்கு வலிக்காது. திறக்காத பாட்டில் மறுநாள் இரவு வரை இருக்கலாம்; அதற்குமேல் வேண்டாம். காலியான பாட்டிலைச் சோப்பு நீரில் தூரிகை விட்டுக் கழுவி, மூக்கைத் தனியே கழற்றி வெந்நீரில் போட்டு, கவிழ்த்துக் காயவைத்த பிறகே மறுபடி நிரப்புங்கள். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? இன்று பாருங்கள், போன வாரத்து மயோனைஸ் அங்கே இருக்கும்.

ஃபிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி தொங்கவிடுங்கள். 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்குச் செய்த ஃபிரிட்ஜைக் கடையில் வைத்து, மாலை நேரத்தில் நிமிடத்துக்கொரு தடவை திறந்தால் உள்ளே 12, 15 டிகிரி வரை ஏறுவது சாதாரணம். தண்ணீர் பாட்டிலையும் குளிர்பானத்தையும் வேறு பெட்டிக்கு மாற்றினாலே பாதித் திறப்பு குறையும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். அன்று மயோனைஸும் சாலடும் முதல்நாளே தீரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூடியே வைத்திருக்கும் ஃபிரிட்ஜ் ஏறக்குறைய 4 மணி நேரம்தான் குளிரைப் பிடித்துவைக்கும். பகல் முழுவதும் மின்சாரம் இல்லாத நாளுக்கு அது போதாது.

இனி காய். முழு முட்டைக்கோஸ் தன் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. கத்தி பட்டதும் சாறு கசிகிறது. வெளி இலையில் இருந்த மண்ணும் கிருமியும் அந்தச் சாற்றில் இறங்கிப் பெருகத் தொடங்குகின்றன. அதனால் கழுவுவது நறுக்குவதற்கு முன்னால் நடக்க வேண்டும். நறுக்கிய பிறகு தண்ணீரில் அலசுவது, ஒரு துண்டில் இருப்பதை எல்லாத் துண்டுக்கும் பரப்பும் வேலை. மாட்டுத்தாவணியிலிருந்து வரும் மூட்டை தரையில் கிடந்து, வண்டியில் கிடந்து வருகிறது. முட்டைக்கோஸின் வெளி இலைகள் இரண்டு மூன்றைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள். கேரட்டைத் தேய்த்துக் கழுவித் தோல் சீவுங்கள். ஓடும் தண்ணீரில் மண் முழுவதும் போன பிறகுதான் குளோரின் நீர். மண் இருந்தால் குளோரின் அதோடு சண்டையிட்டே தீர்ந்துவிடும்.

குளோரின் நீருக்கு அளவு, பத்து லட்சம் பங்கு நீரில் 50 பங்கு குளோரின். உணவுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 10 மில்லி, 10 லிட்டர் குடிநீரில் கலந்தால் அது வந்துவிடும். துணிக்கும் கழிவறைக்கும் விற்கிற, வாசனை சேர்த்த திரவத்தைத் தொட வேண்டாம். முட்டைக்கோஸைப் பாதியாகவோ காலாகவோ பிளந்து, மற்ற காய்களை முழுதாக, ஐந்து நிமிடம் மூழ்கவைத்து, நல்ல குடிநீரில் அலசி, ஓட்டைக் கூடையில் கவிழ்த்து நீர் வடியவிடுங்கள். துண்டால் துடைக்காதீர்கள், அந்தத் துண்டு காலையிலிருந்து எதையெல்லாம் துடைத்தது என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இத்தனைக்கும் பிறகு கிருமி குறையும், முழுதாகப் போகாது. இலை மடிப்புக்குள் இருப்பதைக் குளோரின் எட்டாது. அதனால்தான் குளிர்ச்சியையும் கடிகாரத்தையும் விட முடியாது.

கோழி வெட்டிய பலகையில் காய் வெட்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலகை இரண்டு வைத்திருக்கும் கடைகளிலும் கத்தி ஒன்றுதான் இருக்கிறது என்பதே நான் அடிக்கடி காண்பது. சாலடுக்கென்று தனிக் கத்தி, வேறு நிறப் பிடியோடு, வேறு ஆணியில் தொங்கட்டும். பச்சைக் கோழியை மசாலாவில் பிசைந்தவர் அன்று முட்டைக்கோஸைக் கையால் அள்ளக்கூடாது, இடுக்கி வைத்துவிடுங்கள். வயிற்றுப்போக்கு இருந்த பணியாளர், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை இந்த மேசைக்கு வர வேண்டாம்.

மதியமே நறுக்கி வைப்பதை விட்டுவிட்டு, மாலை 4 மணிக்கு ஒரு முறை, 7 மணிக்கு ஒரு முறை என இரண்டு தவணையாக நறுக்குங்கள். ஆழமான பாத்திரத்தில் குவித்தால் நடுவே குளிர் போகாது. நான்கு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டில் பரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். கவுண்டரில் இருக்கும் சிறு தட்டை ஐஸின் மேல் வைக்கலாம். கட்டி ஐஸ் பெரும்பாலும் மீனுக்கென்று உறையவைத்தது, அது காயைத் தொடாதபடி தட்டுக்கு அடியில் மட்டும் இருக்கட்டும். கவுண்டர் தட்டுக்கும் அதே இரண்டு மணி நேரம்தான். மீதியை மறுநாள் சாலடில் சேர்க்காதீர்கள். முட்டைக்கோஸும் கேரட்டும் அன்றிரவே கல்லில் வதங்கி, பணியாளர் சாப்பாட்டுக்குப் போகலாம்.

முட்டைக்கோஸை மயோனைஸில் முன்கூட்டியே பிசைந்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். உப்பு காயிலிருந்து நீரை இழுக்கிறது. அரை மணியில் தட்டின் அடியில் வெள்ளையாய் நீர் தேங்கும். மயோனைஸின் அமிலம் நீர்த்துப்போனதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் அதுதான். தனித்தனியாக வைத்து, ரொட்டியில் வைக்கும்போது சேருங்கள். பார்சலுக்குப் போகும்போதும் மயோனைஸைச் சிறு டப்பாவில் தனியே கொடுத்து, உடனே சாப்பிடும்படி சொல்லி அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும், பரோட்டாக் கல் இருக்கும் இடத்தில் பச்சை முட்டை மயோனைஸில் மட்டும் இருப்பதில்லை. முட்டை பரோட்டாவுக்கும் கறி தோசைக்கும் பத்து இருபது முட்டையை மொத்தமாக உடைத்து, கலக்கி, கல்லுக்குப் பக்கத்தில் குவளையில் வைத்திருப்பார்கள். வேலை வேகமாக நடக்கும்தான். ஆனால் அந்தக் குவளை மாலை முழுவதும் சூட்டில் நிற்கிறது, தீரத் தீர அதிலேயே புதிது ஊற்றப்படுகிறது. கொத்து பரோட்டாவில் முட்டை நன்றாக வெந்துவிடும். கறி தோசையின் நடுப்பகுதி பல சமயம் வேகாது. கலக்கியில் வேகவே வேகாது, அதன் ருசியே அதில்தான் இருக்கிறது. கலக்கிக்கும் ஹாஃப் பாயிலுக்கும், ஆர்டர் வந்த பிறகு, விரிசல் இல்லாத முட்டையை அந்த நேரத்தில் உடைத்துப் போடச் சொல்லுங்கள்; குவளையிலிருந்து ஊற்றக்கூடாது. சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் முழுதாக வேகவைத்ததையே கொடுங்கள். பார்சல் கேட்டால் முழுதாக வேகவைத்துத்தான் தருவோம் என்று சொல்லிவிடுங்கள். வீடு போய்ச் சேரும் முக்கால் மணி நேரம் அந்த அரைவேக்காட்டு முட்டை வெதுவெதுப்பான பொட்டலத்துக்குள் இருக்கும்.

முட்டையை வாங்கி வந்ததும் மொத்தமாகக் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலம் போய், ஈரத்தோடு அழுக்கு துளைகள் வழியே உள்ளே இறங்கும். எச்சம் ஒட்டியதையும் விரிசல் விட்டதையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். முட்டை அட்டையைச் சாலட் மேசையில் வைக்கவே கூடாது. அது பண்ணைத் தரையைப் பார்த்த அட்டை. முட்டை உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் அடுத்த பொருளைத் தொடக்கூடாது. இதை மாஸ்டரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், உதவியாளர் மூலம் சொல்லி அனுப்பினால் நடக்காது.